வட்டி வீதத்தை அளக்கும் முழக்கோல்

மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதத்தை உயர்த்தியது என்றோ, குறைத்தது என்றோ செய்தியிற் கேட்கும் நேயர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. நூற்றுக்கு எட்டு என்று முடிவு செய்தவர்கள் ஏழு என்றோ பத்து என்றோ ஏன் முடிவு செய்யவில்லை? அந்த எண் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு கணக்கு உண்டா, அன்றி அது பெரியோர் சிலர் கூடியிருந்து தம் அநுபவத்தால் ஊகித்துச் சொல்லும் எண்தானா? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

கொள்கை வட்டி வீதம் என்பது வர்த்தக வங்கிகளுக்கும் மத்திய வங்கிக்கும் இடையே ஓரிரவுக்குக் கைமாறும் பணத்துக்குரிய வட்டியாகும். பொதுமக்கள் எவரும் அந்த வீதத்திற் கடன் பெறுவதில்லை. ஆயினும் வீடு கட்டுவோர் பெறும் கடன், வணிகர் பெறும் மேலதிகப்பற்று, ஓய்வு பெற்றோர் வைத்திருக்கும் நிலையான வைப்பு ஆகியவற்றின் வட்டியெல்லாம் சிறிது காலம் தாழ்த்தேனும் அதனைப் பின்பற்றியே ஏறி இறங்குகின்றன. எனவே அந்த எண் ஒன்றிரண்டு பிழைத்தாலும் அதன் சுமையைத் தாங்குவோர் பலராவர்.

கணக்கு ஒன்று உண்டு என்று காட்டியவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் டெய்லர். 1993 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையொன்றில், அமெரிக்க மத்திய வங்கியாகிய பெடரல் ரிசேர்வின் வட்டி வீதத்தை ஒரே வரியில் அடக்கக்கூடிய ஒரு விதியை அவர் எழுதினார். இன்று அது டெய்லர் விதி என்றே உலகெங்கும் வழங்குகின்றது. அதனை விளங்கிக்கொள்ள உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் பாதியாக்கலும் தெரிந்தாற் போதும்.

விதி நான்கு எண்களைக் கூட்டச் சொல்கின்றது. முதலாவது, கடந்த ஓராண்டில் விலைகள் நூற்றுக்கு எவ்வளவு ஏறின என்பது, அதாவது பணவீக்கம். இரண்டாவது, பணவீக்கத்தைக் கழித்த பின் கடன் கொடுத்தவருக்கு எஞ்சும் உண்மை வட்டி. பொருளாதாரம் சூடேறாமலும் குளிர்ந்து போகாமலும் நடைபோடும் காலத்தில் இது நூற்றுக்கு 2 அளவில் இருக்கும் என டெய்லர் கொண்டார். இதனை நடுநிலை வட்டி எனலாம். மூன்றாவது, பணவீக்க இடைவெளியிற் பாதி. வங்கி விரும்பும் பணவீக்கம் 2 என்றும், நாட்டில் உள்ளது 4 என்றும் வைத்துக்கொண்டால் இடைவெளி 2. அதிற் பாதி 1. நான்காவது, உற்பத்தி இடைவெளியிற் பாதி. நாட்டின் ஆலைகளும் வயல்களும் தொழிலாளரும் விலைகளை மேலே தள்ளாமல் நீடித்து உற்பத்தி செய்யக்கூடிய அளவு ஒன்று உண்டு. அதற்கு மேலே உண்மையான உற்பத்தி நூற்றுக்கு எவ்வளவு நிற்கின்றது, அன்றிக் கீழே எவ்வளவு கிடக்கின்றது என்பதே அந்த இடைவெளி. மேலே நின்றால் கூட்ட வேண்டும். கீழே கிடந்தால் கழிக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்த்தல் தகும். பணவீக்கம் 4, உற்பத்தி தன் இயல்பான அளவுக்கு மேல் 1. அப்போது 4, 2, 1, அரை ஆகிய நான்கையும் கூட்டினால் ஏழரை வரும். விதி கூறும் வட்டி வீதம் நூற்றுக்கு ஏழரை. இனிப் பணவீக்கம் விரும்பிய 2 ஆகவும், உற்பத்தி இடைவெளி ஏதுமின்றியும் இருந்தால், 2 உடன் 2 கூட்ட 4 மட்டுமே எஞ்சும். எல்லாம் சீராக உள்ள காலத்துக்குரிய வட்டி இதுவாகும்.

இக்கணக்கில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கின்றது. பணவீக்கம் இருமுறை வருகின்றது: முதலாவது எண்ணில் முழுமையாகவும், மூன்றாவது எண்ணிற் பாதியாகவும். ஆகவே பணவீக்கம் ஒன்று ஏறினால் வட்டி ஒன்றரை ஏறுகின்றது. ஒன்றுக்கு ஒன்று ஏறினாற் போதாதா என்று கேட்கலாம். போதாது. நெல் வணிகர் ஒருவர் நூற்றுக்கு 8 வட்டிக்குக் கடன் பெற்று, நெல்லை வாங்கிக் களஞ்சியத்திற் பூட்டி வைக்கின்றார் என்று கொள்வோம். ஓராண்டில் நெல்லின் விலை நூற்றுக்கு 10 ஏறினால், கடனையும் வட்டியையும் அடைத்த பின்னும் நூறு ரூபாவுக்கு இரண்டு ரூபா அவர் கையில் மிஞ்சும். அடுத்த ஆண்டு இன்னும் கூடுதலாகக் கடன் பெறவே அவர் விரும்புவார். அவரைப் போலப் பலரும் வாங்கிப் பூட்ட, விலை மேலும் ஏறும். இப்போது பணவீக்கம் 12 ஆகி, வட்டியும் அதே அளவு ஏறி 10 ஆனால் அவருடைய இலாபம் முன்போலவே இருக்கும். வட்டி 11 ஆனால்தான் அந்த இலாபம் சுருங்கத் தொடங்கும். பணவீக்கத்தை விட வட்டி விரைந்து ஏறினாலன்றி விலையேற்றத்தின் வேர் அறாது என்பதே டெய்லர் விதியின் உயிர்நாடி.

1987 முதல் 1992 வரையான ஆண்டுகளில் பெடரல் ரிசேர்வ் உண்மையில் வைத்திருந்த வட்டி வீதத்தையும், விதி கூறும் வீதத்தையும் டெய்லர் அருகருகே வரைந்து காட்டினார். இரண்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒட்டிச் சென்றன. அவை பெரிதும் விலகிய ஓரிடம் 1987 ஒக்டோபரில் நேர்ந்த பங்குச் சந்தை வீழ்ச்சியை அடுத்த காலம். அப்போது நிதிச் சந்தை இறுகிப் போகாதிருக்க வங்கி வட்டியைத் தளர்த்தியது. விதியில் பங்குச் சந்தைக்கு இடமே இல்லை. அந்த விலகலை டெய்லர் பிழை என்று கூறவில்லை. விதியை இயந்திரம் போலப் பின்பற்றக்கூடாது என்பதையும் அதே கட்டுரையில் அவர் வற்புறுத்தினார்.

இனி விதியின் வரம்புகளைக் காண்போம். நான்கு எண்களுள் பணவீக்கம் ஒன்றே நேரே அளக்கக்கூடியது. கடைகளில் விலை கேட்டு எழுதி அதனைக் கணக்கிடலாம். உற்பத்தி இடைவெளியை எந்தச் சந்தையிலும் சென்று அளக்க முடியாது. நாடு எவ்வளவு உற்பத்தி செய்தது என்பது ஓரளவு தெரியும். எவ்வளவு செய்திருக்கலாம் என்பதை எவரும் கண்டதில்லை. பழைய ஆண்டுகளின் உற்பத்தியை வரைபடத்திற் குறித்து, அதனூடே சீரான கோடு ஒன்றை இழுத்து, அக்கோட்டை இயல்பான அளவென்று கொள்வது வழக்கம். நடந்து முடிந்த காலத்துக்கு அந்தக் கோடு ஒருவாறு பொருந்தும். கோட்டின் நுனியிலேதான் இடர். இந்த ஆண்டின் உற்பத்தி குறைந்தது தற்காலிகமான சோர்வினாலா, அன்றிக் கோடே கீழ்நோக்கி வளைந்துவிட்டதாலா என்பது சில ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவரும். வட்டியை முடிவு செய்பவரோ அந்த நுனியிலேயே நிற்கின்றார்.

இதனால் விளைந்த கேட்டுக்கு அமெரிக்காவின் 1970களே சான்று. அக்காலத்தில் அந்நாட்டில் விலைகள் கட்டுக்கடங்காமல் ஏறின. பெடரல் ரிசேர்வ் வட்டியைப் போதிய அளவு உயர்த்தாமையே காரணம் என்பது பலர் கருத்து. ஆனால் அதனாசியோஸ் ஓர்பனைடிஸ் என்னும் பொருளியலாளர் வேறொன்று செய்தார். பின்னாளிற் சைப்பிரஸ் மத்திய வங்கியின் ஆளுநராகப் பணியாற்றியவர் அவர். பின்னர் திருத்தப்பட்ட புள்ளிவிவரங்களை ஒதுக்கிவிட்டு, அந்தந்த ஆண்டில் அதிகாரிகளின் மேசைமேல் உண்மையாகவே இருந்த எண்களை அவர் தேடி எடுத்தார். 1970களில் உற்பத்தித்திறனின் வளர்ச்சி தளர்ந்துவிட்டதை அன்று எவரும் உடனே உணரவில்லை. பழைய கோட்டையே அவர்கள் மேல்நோக்கி நீட்டினர். ஆகவே உற்பத்தி பாதாளத்திற் கிடப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. அந்த எண்களை விதியிற் போட்டால், விதியும் தாழ்ந்த வட்டியையே கூறியிருக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. பணவீக்கம் 6. உற்பத்தி இயல்புக்குக் கீழே 8 என்று அதிகாரிகள் நம்புகின்றனர். 6 உடன் நடுநிலை வட்டி 2, பணவீக்க இடைவெளியிற் பாதி 2, மொத்தம் 10. அதிலிருந்து உற்பத்தி இடைவெளியிற் பாதியாகிய 4 ஐக் கழிக்க எஞ்சுவது 6. பணவீக்கமும் 6, வட்டியும் 6; கடன் வாங்குபவருக்குச் சுமையே இல்லை. ஆனால் பின்னர் கணக்கைத் திருத்திப் பார்க்கும்போது இடைவெளி உண்மையில் 2 தான் என்று தெரியவருகின்றது. அப்போது கழிக்க வேண்டியது 1 மட்டுமே. வட்டி 9 ஆக இருந்திருக்க வேண்டும். விதி பிழைக்கவில்லை, அதற்கு ஊட்டிய எண் பிழைத்தது. ஆயினும் விலையேற்றத்தைச் சுமந்த குடும்பங்களுக்கு அந்த வேறுபாடு எந்த ஆறுதலும் தராது.

நடுநிலை வட்டியின் நிலையும் இதுபோன்றதே. டெய்லர் 2 என்று எழுதியது அவர் காலத்து அமெரிக்காவுக்குப் பொருந்தியது. 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் அது மிகவும் தாழ்ந்துவிட்டதெனப் பலர் மதிப்பிட்டனர். இரண்டுக்குப் பதில் அரை என்று போட்டால், விதி கூறும் வீதம் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றரை குறைந்துவிடும். அன்றியும், கணக்கு சில வேளை செய்ய இயலாததைச் செய்யச் சொல்லும். பணவீக்கம் 1, உற்பத்தி இயல்புக்குக் கீழே 6 என்றால், 1 உடன் 2 கூட்டி, அரையும் 3 உம் கழிக்க, விடை பூச்சியத்துக்குக் கீழே அரை. பணத்தாளை வீட்டில் வைத்திருந்தால் வட்டி பூச்சியம். அதற்குக் கீழே வங்கிகள் அதிக தூரம் இறங்க முடியாது. 2008 டிசெம்பரில் பெடரல் ரிசேர்வ் தன் வட்டியைப் பூச்சியத்துக்கும் காலுக்கும் இடையே வைத்து, அதன்பின் கடன்பத்திரங்களைப் பெருந்தொகையாக வாங்கும் வேறு வழியை நாடியது. அந்த வழிக்கு விதியில் ஒரு வரியும் இல்லை.

இத்துணைக் குறைகளையும் கேட்டபின், இந்த விதியால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். அதற்கு இலங்கையின் அண்மைக் கால வரலாறே விடை கூறும். ஒரே விதியை ஒன்பது மாத இடைவெளியில் இருமுறை போட்டுப் பார்த்தால், அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பது தெளிவாகும்.

முதலாவது, 2021 டிசெம்பர். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அம்மாதப் பணவீக்கம் 12.1 சதவீதம். இலங்கை மத்திய வங்கி அப்போது நாடிய அளவு 4 க்கும் 6 க்கும் இடைப்பட்டது. நடுவே 5 எனக் கொள்ளலாம். ஆகவே பணவீக்க இடைவெளி 7.1, பாதி ஏறக்குறைய மூன்றரை. நடுநிலை வட்டி 2 என்று வைப்போம். மூன்றையும் கூட்டினால் பதினேழரைக்குச் சற்று மேலே. உற்பத்தி இடைவெளி எவ்வளவு என்று அறுதியிட்டுக் கூற முடியாது. இயல்புக்குக் கீழே 2 என்றால் வட்டி பதினாறரையைத் தாண்டும். பெருந்தொற்றால் உற்பத்தி மிகவும் தாழ்ந்து கிடந்ததென்று கொண்டு 10 என்றே போட்டாலும் வட்டி பன்னிரண்டரைக்குக் குறையாது. அம்மாதத்தில் மத்திய வங்கி வர்த்தக வங்கிகளுக்குக் கடன் கொடுத்த துணைநில் கடன்வழங்கல் வசதி வீதமோ 6.

இங்கே விதி கூறும் எண் பதினாறா பன்னிரண்டா என்பது பெரிதன்று. தெரியாத எண்ணை எவ்வளவு தாராளமாக மாற்றினாலும், விடை உண்மை வீதத்தைப் போல் இருமடங்குக்குக் குறையவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அளவுகோல் சிறிது வளைந்ததாயினும், குட்டையையும் நெட்டையையும் பிரித்தறிய அது போதும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி, கடன்வழங்கல் வீதத்தைப் பதினாலரைக்குக் கொண்டுவந்தது. தாமதித்த மருந்து ஒரே வேளையிற் பெரிய அளவாகக் கொடுக்கப்பட்டது.

இரண்டாவது, 2022 செப்டெம்பர். பணவீக்கம் 69.8 சதவீதம். இடைவெளி 64.8, அதிற் பாதி 32.4. உற்பத்தி இயல்புக்குக் கீழே 7 என்று வைத்தால் கழிக்க வேண்டியது மூன்றரை. 69.8 உடன் 2 உம் 32.4 உம் கூட்டி மூன்றரையைக் கழித்தால் வருவது 100.7. நூறு ரூபா கடனுக்கு ஆண்டொன்றுக்கு நூறு ரூபாவுக்கு மேல் வட்டி! அப்போது உண்மையில் இருந்த கடன்வழங்கல் வீதம் பதினைந்தரை. விதியின்படி பார்த்தால் வங்கி 85 புள்ளிகள் பின்தங்கி நின்றது. ஆனால் நடந்தது யாது? ஓராண்டின் பின், 2023 செப்டெம்பரில், பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியது. இடையே அவ்வீதம் உயர்ந்த உச்சம் பதினாறரை மட்டுமே.

விதி இங்கே தவறியதன் காரணம் அதன் முதலாவது எண்ணிலேயே உள்ளது. அது கடந்த பன்னிரண்டு மாதங்களை நோக்குகின்றது. 2022 மார்ச்சிற் ரூபாவின் பெறுமதி சரிந்தது; எரிபொருளுக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது; விலைகள் யூலை வரையான சில மாதங்களில் ஒரே பாய்ச்சலாக ஏறின. பாய்ச்சலின் வேகம் தணிந்த பின்னரும், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் எண் அதனை ஓராண்டு சுமந்துகொண்டே நிற்கும். கடன் வாங்குபவரோ கடந்த ஆண்டு விலையைக் கொண்டு கடனைத் தீர்ப்பதில்லை; வரும் ஆண்டு விலையைக் கொண்டே தீர்க்கின்றார். பின்னோக்கிப் பார்த்தால் பதினைந்தரை வட்டி அவருக்கு ஐம்பத்து நான்கு புள்ளி இலாபம் போலத் தோன்றும். முன்னோக்கி, அடுத்த ஆண்டு நிகழ்ந்த 1.3 ஐக் கழித்துப் பார்த்தாலோ, அது பதினான்குக்கு மேற்பட்ட உண்மைச் சுமை. கடன் பெற்ற சிறு தொழிலாளர் பலர் அக்காலத்தில் நசுங்கியதன் பொருள் இந்த இரண்டாவது கணக்கிலேயே விளங்கும். அன்றியும், அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களுக்கான வட்டி அவ்வாண்டில் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கொள்கை வீதம் ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இறுக்கம் தெரியாது.

எதிர்காலப் பணவீக்கத்தை விதியிற் போட்டால் இக்குறை நீங்குமே எனலாம். நீங்கும், ஆனால் அளந்த எண்ணின் இடத்தை ஊகித்த எண் பிடித்துக்கொள்ளும். 2022 செப்டெம்பரில் 1.3 என்பதை அறுதியிட்டுக் கூறக்கூடியவர் எவருமில்லை. அன்றியும் 2021 டிசெம்பரில், விலையேற்றம் தானே தணிந்துவிடும் என்று முன்னறிவித்துக் கணக்குப் போட்டிருந்தால், விதியின் எச்சரிக்கையும் அடங்கிப் போயிருக்கும். அளந்த எண் பழையது. ஊகித்த எண் இசைந்து கொடுப்பது. இரண்டிலும் ஆபத்துண்டு.

ஆகவே விதியைக் கையாள்வோர் ஒரே விடையைத் தேடாமல், தெரியாத எண்களை மேலும் கீழும் மாற்றிப் பலமுறை கணக்கிடுதல் வேண்டும். எல்லா விடைகளும் ஒரே திசையைச் சுட்டினால், 2021 டிசெம்பரிற் போல, அதனை அசட்டை செய்யலாகாது. ஓர் எண்ணை மாற்றியதும் விடை தலைகீழாகுமானால், அந்த எண்ணே ஆராயவேண்டிய பொருள். வட்டியைப் பற்றிய வாதம் உண்மையில் அதைப் பற்றிய வாதம். பெடரல் ரிசேர்வ் 2017 முதல் தனது நாணயக் கொள்கை அறிக்கையில் இத்தகைய பல விதிகள் கூறும் வீதங்களைத் தன் வீதத்தோடு சேர்த்து வெளியிடத் தொடங்கியது இந்த நோக்குக்கு இசைந்ததே.

தையற்காரர் முழக்கோலால் துணியை அளப்பார்; வெட்டுவது அவர் கையே. ஆனால் கோல் காட்டிய அளவுக்கு மாறாக அவர் வெட்டும்போது, ஏன் என்று கேட்கத் துணியின் உரிமையாளருக்கு உரிமையுண்டு. மத்திய வங்கி விதியினின்றும் விலகலாம். விலக வேண்டிய காலங்களும் உண்டு. எவ்வளவு விலகியது, எந்த எண்ணை நம்பி விலகியது என்ற இரண்டுக்கும் அது விடை கூறுதல் வேண்டும். அந்த விடையை எடைபோட்டுப் பார்ப்பதற்கு நான்கு எண்களைக் கூட்டத் தெரிந்த எவராலும் இயலும்.